தாத்தாவின் புத்தகத்தில் உள்ள தமிழ்

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தமிழ் கற்ற பிள்ளைகள் இன்றைய பத்திரிகைகளைத் தட்டுத் தடுமாறியாவது படித்துவிடுகிறார்கள். அதே பிள்ளைகளிடம் 1950இல் அச்சிட்ட ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்தால், ஒவ்வொரு வரியிலும் இரண்டு மூன்று இடங்களில் நின்றுவிடுகிறார்கள். "இது வேறு மொழியா?" என்று ஒரு பெண் கேட்டாள். வேறு மொழியும் இல்லை, வேறு எழுத்தும் இல்லை. 1978இல் தமிழக அரசு செய்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள் அவை. ஊரை விட்டு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பழைய புத்தகங்கள் நம்மில் பலர் வீட்டில் உண்டு. படிக்க ஆள் இல்லையென்று அவை எடைக்குப் போகின்றன. அப்படிப் போக வேண்டியதில்லை என்பதற்காகவே இந்தப் பாடம். ஒரு மாலைப் பொழுது போதும்.

மாறிய எழுத்துகள் மொத்தம் பதின்மூன்று. ணா, றா, னா என்று மூன்று. ணை, லை, ளை, னை என்று நான்கு. ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என்று ஆறு. தமிழ் எழுத்து 247இல் மற்றவற்றுக்கு எந்த மாற்றமும் இல்லை.

பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். கடைசி ஆறும் தனி எழுத்துகள் அல்ல. 'னோ' என்பது இரட்டைச் சுழிக் கொம்பு, பிறகு 'னா'. 'றொ' என்பது ஒற்றைக் கொம்பு, பிறகு 'றா'. எனவே 'ணா, றா, னா' மூன்றின் பழைய வடிவம் தெரிந்துவிட்டால் அந்த ஆறும் தாமாகவே தெரிந்துவிடும். உண்மையில் கற்க வேண்டியது ஏழு வடிவங்கள்தாம்.

முதலில் 'ணா, றா, னா' மூன்றையும் பார்ப்போம். இன்று நாம் 'கா, மா, தா' எழுதுவது போலவே இவற்றுக்கும் பக்கத்தில் தனியாக ஒரு காலைப் போடுகிறோம். பழைய அச்சில் இந்த மூன்றுக்கு மட்டும் தனிக் கால் கிடையாது. ண, ற, ன எழுத்தின் கடைசிக் கோடு நேராக முடியாமல் வளைந்து ஒரு சுழியாக மடங்கி நிற்கும். அந்தச் சுழிதான் நெடிலுக்கு அடையாளம். 'கா'வில் கால் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி தள்ளி நிற்கிறது. பழைய 'னா'வில் அது எழுத்தின் உடம்போடு ஒட்டிய வால். கணினியில் நம் சங்க இதழுக்குப் பயன்படும் எழுத்துருவில் அந்தப் பழைய வடிவம் இல்லை. ஆகவே வார்த்தையால்தான் வரைந்து காட்ட வேண்டியிருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அறுபது வயது தாண்டியவர்கள் பலருக்குக் கை இன்னும் அந்த வழியில்தான் ஓடும்.

அடுத்தது ஐகார வரிசை நான்கு. இவற்றில் இன்று எழுத்துக்கு முன்னால் இரண்டு சுழியுள்ள ஐகாரக் குறி தனியே நிற்கிறது. பழைய வடிவத்தில் அந்தக் குறி இல்லை. எழுத்தின் இடப்பக்கத்திலிருந்து ஒரு கோடு மேலே எழும்பி வளைந்து எழுத்தின் தொடக்கத்தோடு சேரும். யானை தும்பிக்கையைத் தூக்கினாற்போல் இருப்பதால் இதைத் 'தும்பிக்கை' என்றே ஆசிரியர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அந்தப் பெயரே போதுமானதாக இருந்தது.

பிள்ளைகள் குழம்புவதற்குக் காரணம் இந்த வடிவங்கள் மட்டும் அல்ல, ஒரே பக்கத்தில் இரண்டு விதம் இருப்பதுதான். தும்பிக்கை வந்தது ண, ல, ள, ன என்ற நான்குக்கு மட்டுமே. 'கை, தை, மை, ரை, றை, ழை' எல்லாம் அன்றும் இன்று போலத்தான். ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்பதால் ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளை வைத்துச் சொல்கிறேன். 'மதுரை' என்ற பெயர் சீர்திருத்தத்தால் மாறவே இல்லை. 'சென்னை' மாறியது. 'மானாமதுரை'யில் நடுவில் உள்ள 'னா' மாறியது, கடைசி 'ரை' மாறவில்லை. 'திருவண்ணாமலை'யில் 'ணா', 'லை' இரண்டும் மாறின. ஒரே பெயரில் இரண்டு வகையும் அடங்கிய நல்ல உதாரணம் அது.

ஏன் இந்த ஏழுக்கு மட்டும் இப்படி ஒரு தனி வழி? ஓலையில் எழுத்தாணியால் எழுதியவன் கையை எடுக்காமல் எழுதவே விரும்புவான். எடுத்து எடுத்து வைத்தால் நேரமும் போகும், ஓலையும் கிழியும். ண, ன, ற மூன்றிலும் கடைசிக் கோட்டை அப்படியே சுழற்றிவிட்டால் கால் போட்டதாகிவிடும். ஐகாரத்திலோ, இரண்டு சுழியுள்ள குறியை எழுதி, பிறகு மூன்று சுழியுள்ள 'ண'வை எழுதிப் பாருங்கள். ஒரே சுழிக் கூட்டமாகத் தெரியும். அதைத் தும்பிக்கையாகச் சுருக்கியது எழுதுகிறவனுக்கு இயல்பான வழி.

அச்சு வந்தபோது கையெழுத்தின் இந்தப் பழக்கம் அப்படியே ஈயத்தில் வார்க்கப்பட்டது. தமிழில் முதல் அச்சு நூலான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. சீர்திருத்த ஆணை வந்த 1978 அதற்குச் சரியாக 400 ஆண்டு கழித்து. யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை, எனினும் கணக்கு நன்றாக அமைந்துவிட்டது.

ஈய எழுத்தைக் கோத்து அச்சிட்ட காலத்தில் இந்த ஏழின் தொல்லை என்ன என்பதை ஒரு பொறியாளனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கால் என்று ஓர் அச்சு இருந்தால் அதை க, ச, த, ப, ம என எல்லாவற்றுக்கும் பக்கத்தில் வைக்கலாம். ஒரு பாகம், பல இடத்தில் பொருந்தும். ஆனால் ணா, றா, னா ஒவ்வொன்றுக்கும் தனி வார்ப்பு வேண்டும், எழுத்துப் பெட்டியில் தனி அறை வேண்டும், அளவுக்கு அளவு அதே கதை. ஐகாரக் குறியைப் பொறுத்தவரையும் இதே நிலைதான். பொதுப் பாகம் கையில் இருக்கும்போது தனிப் பாகம் எதற்கு என்பதே சீர்திருத்தத்தின் சாரம்.

இதை முதலில் நடைமுறையில் செய்து காட்டியவர் பெரியார். 1935இல் தம் 'குடி அரசு' பத்திரிகையில் இந்தப் பதின்மூன்று எழுத்துகளையும் புதிய வடிவில் அச்சிடத் தொடங்கினார். அத்துடன் ஐ, ஔ என்ற எழுத்துகளை விட்டு 'அய்', 'அவ்' என்று எழுதலாம் என்றும் சொன்னார். அவர் நூற்றாண்டையொட்டி 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஆணை பிறப்பித்தபோது பதின்மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஐ, ஔ இரண்டையும் அப்படியே விட்டது. அதனால்தான் இன்றும் சில இயக்கப் பத்திரிகைகளில் 'அய்யா' என்று பார்க்கிறோம், பாடநூலில் 'ஐயா' என்று படிக்கிறோம். இரண்டும் பிழை அல்ல.

இதிலிருந்து ஒரு எச்சரிக்கை. எழுத்து வடிவத்தை மட்டும் பார்த்து ஒரு புத்தகத்தின் வயதைச் சொல்லிவிட முடியாது. புதிய வடிவம் இருப்பதால் 1978க்குப் பிறகு வந்த நூல் என்று நினைத்தால், பெரியார் இயக்கத்தின் 1940களின் வெளியீடு உங்களை ஏமாற்றிவிடும். பழைய வடிவம் இருப்பதால் 1978க்கு முந்தியது என்பதும் நிச்சயமில்லை. ஆணை வந்த மறுநாளே எந்த அச்சகமும் கையிலிருந்த ஈயத்தைக் கொட்டி உருக்கிவிடவில்லை. பழைய பக்கங்களைப் படமெடுத்து மறுபதிப்புச் செய்த நூல்களும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் வந்த சில நூல்களில் ஒரே பக்கத்தில் புதிய 'லை'யும் பழைய 'னை'யும் கலந்து கிடக்கும். இலங்கையில் அச்சான நூல்களில் பழைய வடிவம் இன்னும் நெடுநாள் நீடித்தது. வயதைத் தலைப்புப் பக்கத்தில் தேடுங்கள், எழுத்தில் தேடாதீர்கள்.

இனி, படிக்கும்போது எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம். புதிதாகப் படிப்பவர் பழைய 'னா'வின் சுழியைக் கவனிக்காமல் 'ன' என்றே படிப்பார். 'ஆனால்' என்பது 'ஆனல்' ஆகும், 'கண்ணாடி' என்பது 'கண்ணடி' ஆகும். தும்பிக்கையை விட்டால் 'விலை' 'வில' ஆகும். இவை தொல்லை இல்லை. அப்படி ஒரு சொல் இல்லை என்பதால் நாமே திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்வோம். தவறாகப் படித்தாலும் பொருள் வருகிற இடம்தான் ஆபத்து.

அப்படிப்பட்ட இடம் 'ஓ'கார வரிசையில் இருக்கிறது. பழைய 'னோ'வில் முன்னால் இரட்டைச் சுழிக் கொம்பு, பின்னால் சுழித்த 'னா'. கடைசிச் சுழியைக் கண் தவற விட்டால் மிஞ்சுவது 'னே'. 'அவனோ' என்பது 'அவனே' ஆகிவிடும். 'அன்றோ' என்பது 'அன்றே' ஆகிவிடும். இரண்டுமே நல்ல தமிழ்ச் சொல். முன்னது ஐயம் அல்லது வினா, பின்னது உறுதி. பொருள் தலைகீழ்.

சங்கத்து அன்பர் ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவர் தாத்தா காலத்தில் குடும்ப வரலாறு என்று ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு உறவினர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் பூர்விக வீடு கைமாறிய கதை வருகிறது. அன்பரின் மகன் அதைப் படித்துவிட்டு, வீட்டை அடகு வைத்தது மூத்த தாத்தாதான் என்று அச்சிலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டான். மூத்தவரின் வழி வந்தவர்களும் இதே ஊரில் இருக்கிறார்கள். விருந்துக்கு வந்த இடத்தில் பேச்சு வேறு மாதிரி போயிற்று. புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்தார்கள். வாக்கியம் இதுதான்: 'வீட்டை அடகு வைத்தவன் அண்ணனோ தம்பியோ அறியப்படவில்லை.' பையன் படித்தது 'அண்ணனே' என்று.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சுழி தெரிந்தது. ஆனால் அது இல்லாமலே கண்டுபிடித்திருக்கலாம். பக்கத்தில் 'தம்பியோ' இருக்கிறது. 'யோ' மாறாத எழுத்து, அதில் கால் தனியாகத் தெளிவாக நிற்கிறது. 'அண்ணனே தம்பியோ' என்று யாரும் எழுத மாட்டார்கள். 'அறியப்படவில்லை' என்ற முடிவும் 'அண்ணனே' என்ற உறுதிக்கு ஒத்துவராது. எனவே 'ணே, றே, னே' வருகிறதாகத் தோன்றும் இடத்திலெல்லாம் இரண்டு காரியம் செய்யுங்கள். எழுத்தின் வலது முனையில் வால் சுழித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வாக்கியத்தின் முடிவைப் படித்து, ஐயமா உறுதியா என்று கேளுங்கள். மங்கிய அச்சில் முதல் சோதனை கைவிட்டாலும் இரண்டாவது பெரும்பாலும் காப்பாற்றும்.

வீட்டில் பயிற்சிக்காக ஒரு வாக்கியம் எழுதி வைத்திருக்கிறேன்: 'திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்குப் போனால் விலை குறைவு என்றார், ஆனால் பிள்ளைகளுக்குத் துணை இல்லை.' பொருள் கொஞ்சம் விசித்திரம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் ஏழு வடிவங்களும் வந்துவிடுகின்றன. வரிசையாக எண்ணினால் ணா, லை, னை, னா, லை, றா, னா, ளை, ணை, லை என்று பத்து இடம். 'குறைவு' என்பதில் உள்ள 'றை'யை எண்ணக் கூடாது; 'ற'வுக்குத் தும்பிக்கை இல்லை. அதையும் சேர்த்துப் பதினொன்று என்று சொல்லும் பிள்ளைக்கு நான்கு எழுத்து விதியை மறுபடி சொல்லுங்கள். இந்த வாக்கியத்தைப் பெரியவர் ஒருவர் பழைய முறையில் எழுத, பிள்ளை அதன் கீழே புதிய முறையில் எழுத வேண்டும். மூன்று முறை செய்தால் கண் பழகிவிடும்.

எழுத்து பழகிய பிறகும் பழைய நூல் சற்று முரண்டு பிடிக்கும். அது வடிவத்தால் அல்ல, எழுதும் முறையால். அன்று சொற்களைப் பிரிக்காமல் சந்தி சேர்த்தே அச்சிட்டார்கள். 'அவ்வூரிலிருந்துவந்தவர்களெல்லோரும்' என்று ஒரே மூச்சில் ஓடும். இதைப் பின்னாலிருந்து பிரிப்பது எளிது: எல்லோரும், வந்தவர்கள், அவ்வூரிலிருந்து. 'ளெ', 'னெ', 'லெ' என்று சொல்லின் நடுவில் கொம்பு வந்தால் பெரும்பாலும் அங்கே 'எ'யில் தொடங்கும் ஒரு புதுச்சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். கிரந்த எழுத்துகளும் தாராளமாக வரும்: ஜனங்கள், வருஷம், ஸர்க்கார், மஹாபாரதம். நாம் 'ரயில்' என்பதை 'ரெயில்' என்று எழுதியிருப்பார்கள். இன்றும் சில பத்திரிகைகள் அப்படித்தான் எழுதுகின்றன. திருச்சிராப்பள்ளி 'திருச்சினாப்பள்ளி' என்று வரும், அதிலும் ஒரு பழைய 'னா' காத்திருக்கும். கடித உறையிலும் அழைப்பிதழிலும் பெயருக்கு முன் 'ம-ரா-ரா-ஸ்ரீ' என்று இருந்தால் அது பெயரின் தலைப்பெழுத்து அல்ல, 'மகாராஜராஜஸ்ரீ' என்ற மரியாதைச் சொல்லின் சுருக்கம். தாத்தா மகாராஜா இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

19ஆம் நூற்றாண்டு நூல் கையில் இருந்தால் தலைப்புப் பக்கத்தில் ஆண்டு தமிழ் எண்ணில் இருக்கக்கூடும். தமிழ் எண்கள் பார்வைக்கு எழுத்துகள் போலவே இருக்கும். ௧ என்பது 'க' போல, ௨ 'உ' போல, ௫ 'ரு' போல, ௭ 'எ' போல, ௮ 'அ' போல. இவை ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு, எட்டு. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் ௰, ௱, ௲ என்று தனிக் குறிகள் உண்டு. '௲௮௱௬௰௫' என்று ஒரு தலைப்புப் பக்கத்தில் இருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள்: ஆயிரத்து, எட்டு நூற்று, ஆறு பத்து, ஐந்து. 1865. பேசுவது போலவே எழுதியிருக்கிறார்கள், சுழியம் தேவைப்படவில்லை. இதையே இன்றைய முறைப்படி இடமதிப்பு வைத்து ௧௮௬௫ என்று அச்சிட்ட நூல்களும் உண்டு.

பக்கத்தில் ௵, ௴, ௳ என்ற குறிகள் வந்தால் முறையே வருடம், மாதம், தேதி என்று படியுங்கள். '௸' என்றால் மேற்படி. '௹' என்றால் ரூபாய். எண்ணில் ஆண்டு போடாமல் 'குரோதன ௵' என்று மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டாம். தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருகின்றன. குரோதன 1865இலும் தொடங்கியது, 1925இலும் தொடங்கியது, 1985இலும் தொடங்கியது. எந்தச் சுற்று என்பதை நூலில் வரும் வேறு செய்தியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தாத்தாவின் திருமண அழைப்பிதழில் இந்தக் கேள்வி வந்தால் விடை கஷ்டமில்லை.

சீர்திருத்தம் அத்துடன் முடிந்துவிட்டதா என்றால், முடியவில்லை என்று கருதியவர்களும் உண்டு. கு, சு, டு, து, மு என்று உகர, ஊகார வரிசையில் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. நம் வகுப்பில் பிள்ளைகள் அதிகமாக அழுவது அங்கேதான். 1971இல் மலையாளத்தில் செய்த சீர்திருத்தத்தில் உகரக் குறியைத் தனியே பிரித்துவிட்டார்கள். தமிழிலும் அப்படிச் செய்யலாம் என்று துணைவேந்தராக இருந்த வா.செ. குழந்தைசாமி நீண்ட காலம் வாதாடினார். அது ஏற்கப்படவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. பதின்மூன்று எழுத்து மாறியதற்கே ஒரு தலைமுறைப் புத்தகங்கள் பேரப் பிள்ளைகளுக்கு எட்டாமல் போயின. உகரத்தையும் மாற்றியிருந்தால் ஒரு வரியில் எத்தனை எழுத்து மாறும் என்று எண்ணிப் பாருங்கள்.

பழைய நூல்களைக் கணினியில் படமாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. கணினியில் 'லை' எழுத்தின் குறியீடு ஒன்றுதான். தும்பிக்கையோடு காட்டுவதா, தனிக் குறியோடு காட்டுவதா என்பது எழுத்துருவின் வேலை. எனவே பழைய நூலில் பார்த்ததைத் தட்டச்சு செய்யும்போது இன்றைய முறையில் அடித்தாலே அது அதே எழுத்துதான். எதையும் மாற்றி எழுதிவிட்டோமோ என்று கவலைப்பட வேண்டாம். ஆனால் படத்திலிருந்து எழுத்தைத் தானே படித்துத் தரும் மென்பொருள் பழைய 'ணா, றா, னா'க்களில் இடறக்கூடும். அது தரும் உரையை மூலப் பக்கத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள், முக்கியமாக 'னே', 'றே' வரும் இடங்களில்.

வரும் மாத வகுப்புக்குப் பழைய புத்தகம் உள்ளவர்கள் ஒன்று கொண்டு வாருங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, உள்ளே நாலு பக்கம் இருந்தால் போதும். பென்சில் நான் கொண்டு வருகிறேன்.